டிரைவருக்கும் ஒரு டீ

"நல்லவர், எளிமையானவர், பழகுவதற்கு இனிமையானவர்." பிரிவு உபசார விழாக்களில் இந்த மூன்று சொற்களையும் தடை செய்துவிட்டால் பாதிப் பேருக்குப் பேச்சே வராது. இது ஆக்சிலியாவின் கட்சி. மூன்றாவது ஆள் மைக்கைப் பிடிக்கும்போதே கூட்டத்துக்குக் கொட்டாவி வந்துவிடும். நாலாவது ஆள் பேசுகையில் எல்லாருடைய கண்ணும் மிக்சர் பொட்டலத்தின் மேல்தான் இருக்கும். ஓய்வு பெறுகிற மனுஷன் பாவம், கழுத்தில் மாலையோடு செய்யாத குற்றத்துக்குத் தண்டனை வாங்கியவர் மாதிரி உட்கார்ந்திருப்பார்.

அதனால் நெடுங்காட்டுப் பக்கத்தில், வாய்க்கால்களையும் மதகுகளையும் பார்த்துக்கொள்ளும் அந்த அலுவலகத்தில் ஆக்சிலியா ஒரு புது வழக்கத்தைக் கொண்டுவந்திருந்தாள். அவள் அங்கே எழுத்தர். யார் ஓய்வு பெற்றாலும் பேச்சு ஒன்றே ஒன்றுதான், பேசுவது அவள்தான். ஆனால் அதில் அவளுடைய சொந்தப் பேச்சு கால்வாசிகூட இருக்காது. கூட வேலை பார்த்தவர்களையும் சிநேகிதர்களையும் ஒவ்வொருவராகத் தேடிப் போய் செல்போனில் பதிவு செய்வாள். அதைக் கேட்டுக் கேட்டு வெட்டி, வரிசைப்படுத்தி, நடுநடுவே இரண்டு வரி இணைப்பு எழுதி, விழாவில் அவர்கள் குரலையே ஒலிக்க விடுவாள். சும்மா சொல்லக்கூடாது, அந்தப் பேச்சுக்காகவே ஓய்வு பெற்றுப்போனவர்கள்கூட திரும்பி வந்து நாற்காலி பிடிப்பார்கள்.

இந்த மாதக் கடைசி வேலைநாள் மருதையன் சாருடையது. இளநிலைப் பொறியாளர். ஊரில் யார் வீட்டில் என்ன என்றாலும் முதலில் போய் நிற்கிற ஆள். மனைவி போய்ச் சேர்ந்து நாளாயிற்று. பழைய டிவிஎஸ் வண்டி ஒன்றில்தான் வாழ்நாள் முழுக்க அலைந்தார். "ஆக்சிலியா, என்னைப் பத்தி ரொம்பப் புகழ்ந்துடாதம்மா, வெக்கமா இருக்கும்" என்று சொல்லியிருந்தார். அவள் விடுவாளா?

பதிவு செய்வதற்கும் அவளிடம் முறை உண்டு. போனை முதலில் ஏரோப்ளேன் மோடில் போடுவாள், நடுவில் அழைப்பு வந்து பதிவு நின்றுவிடக் கூடாது. மின்விசிறியை நிறுத்திவிடுவாள். ஒரு துண்டை மடித்து மேஜையில் வைத்து அதன்மேல் போனை வைப்பாள், கையில் பிடித்தால் விரல் உரசும் சத்தம் விழும். "அவர் எப்படிப்பட்டவர்?" என்று மட்டும் கேட்கவே மாட்டாள். கேட்டால் அந்த மூன்று சொல்தான் வரும். "அவரோட இருந்த ஒரு நாளைச் சொல்லுங்க" என்பாள். எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று: அவர்கள் பேசி முடித்து, "அவ்ளோதாம்மா" என்ற பிறகும் பதிவை நிறுத்த மாட்டாள். பேசாமல் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த மௌனம் தாங்காமல் ஆள் எதையாவது சொல்லும். உண்மையான விஷயம் பெரும்பாலும் அந்த வாலில்தான் வரும்.

முதலில் பிடித்தது கணக்குப் பிரிவு தமீம் அன்சாரியை. மதிய உணவு நேரம், அலுவலகத்தின் பின் அறை.

"அக்கா, அந்த ஃபேன நிறுத்துறீங்களா" என்றாள் ஆக்சிலியா, கூட்டிக்கொண்டிருந்த அஞ்சுகத்திடம். அஞ்சுகம் சுவிட்சைத் தட்டிவிட்டு விளக்குமாற்றோடு ஓரமாக நின்றுகொண்டாள்.

அஞ்சுகத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். அவள் புருஷன் செம்பியன் இதே அலுவலகத்தில் மதகுக் காவல் வேலை பார்த்தவன். சில வருஷங்களுக்கு முன், ஆக்சிலியா இங்கே மாற்றலாகி வருவதற்கும் முன்னால், ஐப்பசி வெள்ளத்தில், ராத்திரியில், மதகில் விழுந்து செத்துப்போனான். அவனை யாரும் அங்கே அனுப்பவில்லை, தண்ணீர் பாய்கிற இடத்தில் வலை போட்டு மீன் பிடிக்கத் தானாகப் போனான் என்று ஆகிவிட்டது. ஊருக்காகச் செத்தவன் என்ற பேர் போய், மீனுக்காகச் செத்தவன் என்ற பேர் வந்தது. அஞ்சுகம் கூட்டுகிற வேலைக்கு வந்து சேர்ந்தாள். இன்றைக்கும் கடைத்தெருவில் அவளுக்கு அடையாளம், "மீனுக்குப் போனான்ல, அவன் பொண்டாட்டி". அவள் அதற்குத் திரும்பிப் பார்க்கவும் மாட்டாள், பதில் சொல்லவும் மாட்டாள். ஆனால் அந்தப் பேர் ஒருநாள் அழியவேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை இருந்ததாக யாருக்கும் தெரியாது.

தமீம் அன்சாரி தொண்டையைச் செருமிக்கொண்டார். "மருதையன் சார் எனக்கு ஒருநாள் லிஃப்ட் குடுத்ததில்லம்மா! மழை கொட்டுது, நான் நனைஞ்சுக்கிட்டு பஸ் ஸ்டாப்புல நிக்கிறேன், மனுசன் என்னைப் பாத்துட்டே போறாரு. மறுநாள் கேட்டேன். 'பாய், பின்சீட்டு புக் ஆயிடுச்சு'ன்னாரு. யாரு புக் பண்ணாங்கன்னு கேட்டா சிரிக்கிறாரு. மொதல்ல எல்லாம் ஏத்திக்கிட்டுத்தான் போவாரு. அப்பறம் என்ன ஆச்சோ, எத்தன வருசமா இதே பதிலு!"

ஆக்சிலியாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பேச்சைத் தொடங்க விஷயம் கிடைத்துவிட்டது. எந்தப் பேச்சும் சிரிப்பில் தொடங்க வேண்டும், கண்ணீரைக் கடைசிக்கு வைத்துக்கொள்ள வேண்டும்.

"ஆனா எங்க வாப்பா மௌத்தானப்போ மொத ஆளா வந்து நின்னது அவருதான். கபர்ஸ்தான் வரைக்கும் வந்தாரு. அவ்ளோதாம்மா."

ஆக்சிலியா பேசாமல் அவரைப் பார்த்தாள். போன் ஓடிக்கொண்டிருந்தது.

"அவரோட டிரைவர்தான் பாவம்," என்றார் தமீம் அன்சாரி கொஞ்சம் கழித்து. "கேட்டுக்கு வெளியவே நின்னாரு. டீ குடுத்தனுப்புனேன், குடிக்கல. ஆறிப்போயி அப்படியே திரும்பி வந்துச்சு. மொகம் சரியாத் தெரியல, காக்கிச் சட்டை, சொட்டச் சொட்ட ஈரம்."

விளக்குமாறு கீழே விழுந்த சத்தம் பதிவில் விழுந்துவிட்டது. ஆக்சிலியா முகத்தைச் சுளித்தாள். அஞ்சுகம் அதை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

இரண்டாவது சலோமி அக்கா. ஓய்வு பெற்ற தட்டச்சர், காரைக்கால் டவுனில் கோயிலுக்குப் பின்தெருவில் வீடு. அவள் இரண்டு நாளைச் சொன்னாள். ஒன்று மருதையன் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அவர் எழுதிக்கொடுத்த எஸ்டிமேட்டைத் தட்டச்சு செய்கையில் ஒரு பக்கமே காணாமல் போய், இரண்டு பேருமாகக் குப்பைத்தொட்டியைக் கவிழ்த்துத் தேடியது. இன்னொன்று மூன்று வருஷத்துக்கு முன்னே, அவள் மகனுக்குக் காய்ச்சல் மூளைக்கு ஏறி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இரவு பகலாக வராந்தாவிலேயே மருதையன் உட்கார்ந்திருந்தது.

"சேசுவே, கூடப்பிறந்தவன்கூட அப்படி இருக்க மாட்டான். அவ்ளோதான் ஆக்சிலியா, நிறுத்திக்க."

அவள் நிறுத்தவில்லை.

சலோமி அக்கா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். "கூட ஒரு டிரைவர் வந்திருந்தாப்ல. மெலிஞ்ச ஆளு. காக்கி அரைக்கைச் சட்டை. தலையில துண்டு கட்டியிருந்தாப்ல, மொகம் சரியாத் தெரியல. இடுப்பு வரைக்கும் ஈரம். ஜாக்கி ஏத்துற கம்பியக் கையில வச்சுக்கிட்டே நின்னாப்ல. வண்டி பஞ்சர் போலன்னு நெனச்சேன். 'உக்காருங்க தம்பி'ன்னேன். உக்காரல. நர்சு வந்து, யாரு இங்க தண்ணி ஊத்துனதுன்னு சத்தம் போட்டுச்சு."

மூன்றாவது கருக்களாச்சேரி மரியமுத்து. கரையில் மீன் ஏலம் விடுகிறவர், மருதையனோடு பள்ளிக்கூடத்தில் படித்த சிநேகிதர். கடற்கரையில் பதிவு செய்தால் காற்று 'புஸ்புஸ்' என்று மைக்கில் அறையும். அதனால் ஆக்சிலியா அவரை வலைக் கொட்டகைக்குள் கூட்டிப்போய், சுருட்டிவைத்த வலைக் குவியலின் நடுவே உட்காரவைத்தாள். வலைதான் எதிரொலியைத் தின்னும். மரியமுத்துவின் மகள் கல்யாணத்தில் சமையல்காரன் ஏமாற்றிவிட்டு ஓடிப்போக, மருதையன் வேட்டியை மடித்துக் கட்டி அடுப்படிக்குள் இறங்கிய கதை. சாம்பாரில் உப்பை இரண்டு தடவை போட்ட கதை. ஏலக்காரர் அல்லவா, மூச்சு விடாமல் சொல்லி முடித்தார். ஆக்சிலியா காத்திருந்தாள்.

"டிரைவர் தம்பிய மட்டும் சாப்பிட வைக்க முடியலம்மா. பந்தல் காலப் புடிச்சுக்கிட்டு நின்னுச்சு. மீன் கொழம்பு இருக்குப்பான்னு நாந்தான் போயிக் கூப்பிட்டேன். என்னை ஒரு பார்வை பாத்துச்சு பாரு! ஏன்டா கூப்பிட்டோம்னு ஆயிட்டுது."

ஞாயிற்றுக்கிழமை மதியம், பூசைக்குப் போய்வந்து சாப்பிட்டுவிட்டு ஆக்சிலியா வேலையில் உட்கார்ந்தாள். காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு பதிவுகளைக் கேட்டு, ஒவ்வொரு பேச்சையும் அப்படியே எழுதினாள். "ம்", "வந்து" எல்லாவற்றையும்கூட எழுதுவாள். எங்கே வெட்டினால் மூச்சு அறுபடாது என்று அப்போதுதான் தெரியும். சொல்லுக்கு முன்னால் ஒரு மூச்சை விட்டுத்தான் வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் பேசுகிறவர் கழுத்தை நெரித்த மாதிரி இருக்கும். அரைமணி நேரப் பேச்சில் அரை நிமிஷம் தேறினால் அதிர்ஷ்டம். தேறியதை எல்லாம் துண்டுச் சீட்டுகளில் எழுதி, எந்தச் சம்பவம் முந்தி, எது பிந்தி என்று தரையில் வரிசையாகப் பரப்பினாள். அப்படிப் பரப்பினால்தான் ஒரு மனுஷனின் வாழ்க்கை கண்ணுக்குத் தெரியும்.

வாலில் வந்ததை எல்லாம் ஒன்றாகச் சேர்த்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றியது. டிரைவர் டீயைக் குடிக்கவில்லை, டிரைவர் உட்காரவில்லை, டிரைவர் சாப்பிடவில்லை. சாரின் டிரைவருக்கும் சாரைப் போலவே கூச்சம் என்று ஒரு இணைப்பு வரி எழுதலாம். சிரிப்பார்கள். பேனாவை எடுத்தாள். "சாருடைய டிரைவர்" என்று எழுதினாள்.

பேனா அங்கேயே நின்றுவிட்டது.

இளநிலைப் பொறியாளருக்கு ஏது ஜீப், ஏது டிரைவர்? மருதையன் சாருக்கு டிரைவரே கிடையாதே!

அதிகாரி மாதிரி ஒருவர் வந்து, அவருக்குப் பின்னால் காக்கிச் சட்டையோடு ஒருவன் வாசலில் நின்றால் அவன் டிரைவர். அவன் பேரை யார் கேட்பார்? ஒரு டீயைக் கொடுத்தனுப்பினால் கடமை முடிந்தது. வண்டி எங்கே என்று தெருவை எட்டிப் பார்க்கக்கூட ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

ஆக்சிலியா மறுபடி தரையைப் பார்த்தாள். பழைய கதைகளில் அந்த ஆள் இல்லை. சலோமி அக்காவின் குப்பைத்தொட்டிக் கதையில் இல்லை. அந்த ஐப்பசி வெள்ளத்துக்கு அப்புறம் வந்த எல்லாக் கதையிலும் இருந்தான். தமீம் பாய்க்கு லிஃப்ட் கிடைக்காமல் போனதும் அதற்கு அப்புறம்தான். எழுந்து போய் மின்விசிறியை நிறுத்தினாள். ஏன் நிறுத்தினாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

அப்போதுதான் அவளுடைய சொந்தக் கதை ஞாபகத்துக்கு வந்தது. போன வருஷம் சித்திரை வெயிலில் அவள் அம்மா இறந்தபோது, பெட்டி நடுக்கூடத்தில் இருக்க, மருதையன் சார் வந்து மாலை போட்டுவிட்டு உட்கார்ந்தார். வாசல் முருங்கை மரத்தடியில் ஒருவர் நின்றார். "டிரைவருக்கும் ஒரு டீ குடுங்க" என்று சொன்னது யார்? ஆக்சிலியாதான். தன் கையாலேயே கொண்டுபோய்த் திட்டுச் சுவரில் வைத்தாள். ஊரே வெயிலில் வெந்துகொண்டிருக்க, அந்த ஆளின் வேட்டி மட்டும் முழங்காலுக்கு மேல்வரை நனைந்து ஒட்டியிருந்தது. அழுத கண்ணோடு அவள் அதைப் பார்த்தாள், ஆனால் யோசிக்கவில்லை. சாயந்திரம் டம்ளரைக் கழுவ எடுத்தபோது அதில் ஆடை படிந்து டீ அப்படியே இருந்தது.

மாதாவே என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள்.

திங்கட்கிழமை அலுவலகத்தின் பின்பக்கம் அஞ்சுகம் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். ஆக்சிலியா குழாயடியில் போய் நின்றாள். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. அஞ்சுகம்தான் தொடங்கினாள்.

"நானும் பேசட்டுமா மேடம்? மருதையன் சாரப் பத்தி என்கிட்ட மட்டும் நீங்க கேக்கவே இல்லயே."

ஆக்சிலியாவுக்குச் சுருக்கென்றது. கூட வேலை பார்த்தவர்கள் என்றால் அதில் கூட்டுகிறவளும் உண்டு என்று இத்தனை விழாவில் ஒருதடவைகூட அவளுக்குத் தோன்றியதில்லை. துண்டை மடித்துச் சுவர்மேல் வைத்து, போனை அதன்மேல் வைத்தாள். குழாயை இறுக்கி மூடினாள்.

"அவரோட இருந்த ஒரு நாளைச் சொல்லுங்கக்கா."

"நாள் இல்ல, ராத்திரி. மழைன்னா மழை, வானம் கிழிஞ்ச மாதிரி. எங்க வீட்டுக்காரருக்குப் போன் வந்துச்சு. 'சார் கூப்பிடுறாரு, மதகு ஷட்டரைத் தூக்கணுமாம், இல்லாட்டி மேலத்தெரு முங்கிடும்'னாரு. ஒத்தையாவா போறீங்கன்னேன். 'சார் சொல்லிட்டாருல்ல'ன்னு சொல்லிட்டு, ஷட்டர் சுத்துற கம்பிய எடுத்துக்கிட்டுக் கெளம்பிட்டாரு. மேலத்தெரு முங்கல. அவரு வரல." அஞ்சுகம் ஈரக்கையைச் சேலையில் துடைத்தாள். "மறுநாள் சார் சொல்லிட்டாரு, நான் யாரையும் அனுப்பலன்னு. கயிறு இல்லாம, தொணைக்கு ஆளு இல்லாம அனுப்பக்கூடாதாம்ல. அனுப்புனது தெரிஞ்சா வேலை போயிடும்ல. அப்ப அவன் அங்க எதுக்குப் போனான்னு கேட்டாங்க. மீனுக்குன்னு யாரோ சொன்னாங்க. சார் இல்லன்னு சொல்லல. மேடம், எங்க வீட்டுக்காரரு மீனே திங்க மாட்டாரு. ஆகாது அவருக்கு. ஒடம்பெல்லாம் தடிச்சுப்போகும்."

அவள் நிறுத்தினாள். ஆக்சிலியா பேசவில்லை. போன் ஓடிக்கொண்டிருந்தது. குழாய் சொட்டியது.

"பாய் சொன்னதக் கேட்டேன்," என்றாள் அஞ்சுகம் கடைசியாக. "மத்தவங்களும் பாத்தாங்களா?" ஆமாம் என்று ஆக்சிலியா மற்ற இரண்டு பேர் சொன்னதையும் சொன்னாள். "எங்க வீட்டுக்காரரு எல்லார் வீட்டுக்கும் போயிருக்காரு. சார் எங்க போனாலும் கூடவே போயிருக்காரு. சார் எங்க வீட்டுக்கு மட்டும் வர மாட்டாருல்ல? அதான் இவரும் வரல." கழுவிய டம்ளர் ஒன்றை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள். "இத்தன வருசத்துல ஒரு நாள் வரல பாருங்க."

ஆக்சிலியா அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் அழுதார்கள். கணக்குப் பிரிவிலிருந்து யாரோ டீ கேட்டுக் கத்தினார்கள்.

ஆக்சிலியாவுக்கு ஒரு கண்டிப்பு உண்டு. யார் குரலாக இருந்தாலும் அவரிடம் கேட்காமல் ஒலிக்க விடமாட்டாள். "நீங்க பேசுனத விழாவுல போடட்டுமாக்கா?"

அஞ்சுகம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். "நான் சொன்னா கூலிக்காரி பழி போடுறான்னு சொல்லுவாங்க. என்னோடத விட்டுடுங்க. டிரைவரப் பத்தி எல்லாரும் சொன்னாங்கல்ல, அதப் போடுங்க. சார் கேக்கட்டும். அவரு வாயால வரட்டும்."

அந்த வாரம் முழுக்க ஆக்சிலியாவுக்கு அதே யோசனை. அம்மாவைப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள அவளுக்கு இங்கே மாற்றல் வாங்கிக் கொடுத்தவர் அந்த மனுஷன். ஊருக்கெல்லாம் ஓடியவர். ஓடியது நல்ல மனசாலா, பின்னால் வருகிறவனுக்குப் பயந்தா? கடைசி நாள், அத்தனை பேர் முன்னால், இப்படிச் செய்வது துரோகம் இல்லையா? போடாமல் விட்டால் அது யாருக்குத் துரோகம்? சரி, கேட்டுவிடுவோம் என்று இரண்டு தடவை அவர் மேஜைக்குப் போனாள். "என்னம்மா, என்னைப் பத்தி ஏதாச்சும் கெடைச்சுதா?" என்று சிரித்தார். இரண்டு தடவையும் திரும்பி வந்துவிட்டாள். ஆனால் ஒன்று செய்தாள். மூன்று பேரிடமும் போய், டிரைவரைப் பற்றிச் சொன்னதைப் போடலாமா என்று கேட்டாள். "தாராளமா போடும்மா, பாவம் அந்தப் புள்ளயும் கேக்கட்டும்" என்றார் மரியமுத்து.

விழா அலுவலகக் கூடத்தில். ஆக்சிலியா மதியமே வந்து மைக் செட்காரரோடு சேர்ந்து எல்லாவற்றையும் சரிபார்த்தாள். புளூடூத்தை அவள் நம்பமாட்டாள், பாதியில் அறுந்துவிடும், வயர்தான். சலோமி அக்கா குரல் மெலிசு, மரியமுத்து குரல் இடி. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து ஒரே அளவுக்குக் கொண்டுவந்தாள். மேடையில் வழக்கம்போல ஓய்வு பெறுகிறவருக்கும் மனைவிக்கும் என்று இரண்டு நாற்காலி போட்டிருந்தார்கள். சாருக்குத்தான் மனைவி இல்லையே என்று ஒன்றை எடுக்கப் போனார்கள்.

"இருக்கட்டும்" என்றார் மருதையன்.

பொன்னாடை, மாலை, மோதிரம் எல்லாம் ஆயிற்று. ஆக்சிலியா மைக் முன்னால் நின்றாள். முதலில் பின்சீட்டுக் கதை. "பின்சீட்டு புக் ஆயிடுச்சு" என்று தமீம் அன்சாரியின் குரல் ஒலிபெருக்கியில் வந்ததும் கூடமே குலுங்கியது. சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து அடுத்ததைப் போட வேண்டும், முந்தினால் இரண்டும் கெடும். காத்திருந்தாள். குப்பைத்தொட்டி, சாம்பாரில் உப்பு. மருதையனும் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு வாப்பாவின் மௌத், ஆஸ்பத்திரி வராந்தா. பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள்.

"சார் எங்க போனாலும் தனியாப் போனதில்ல," என்று தன் இணைப்பு வரியைப் படித்தாள். "அதையும் அவங்களே சொல்றாங்க."

"கேட்டுக்கு வெளியவே நின்னாரு. டீ குடுத்தனுப்புனேன், குடிக்கல."

"காக்கி அரைக்கைச் சட்டை. இடுப்பு வரைக்கும் ஈரம். கம்பியக் கையில வச்சுக்கிட்டே நின்னாப்ல."

"மீன் கொழம்பு இருக்குப்பான்னு கூப்பிட்டேன். என்னை ஒரு பார்வை பாத்துச்சு பாரு!"

பிறகு ஆக்சிலியா தாளை மடித்துவிட்டுத் தன் கதையைச் சொன்னாள். முருங்கை மரத்தடி, சித்திரை வெயில், நனைந்த வேட்டி. "நானும் பேரு கேக்கல. டிரைவருக்கும் ஒரு டீன்னு மட்டும் சொன்னேன். அந்த டீ இன்னமும் என் கண்ணுக்குள்ளயே இருக்கு. அவ்ளோதான் சார்."

அவ்வளவுதான் என்று சொன்னாளே தவிர மைக்கை விட்டு நகரவில்லை. பேசாமல் அவர் முகத்தையே பார்த்தாள்.

கைதட்டலாமா வேண்டாமா என்று கூட்டம் விழித்தது. மருதையன் மெதுவாகத் தலையைத் திருப்பிப் பக்கத்து நாற்காலியைப் பார்த்தார்.

"யாருப்பா இங்க தண்ணி ஊத்துனது?" என்று மைக் செட்காரர் மேடைக்குக் கீழே குனிந்து கடிந்தார். "வயரு கெடக்குது, ஷாக் அடிச்சுத் தொலைக்கப் போவுது." காலியான அந்த நாற்காலியின் கீழேதான் தண்ணீர் தேங்கியிருந்தது.

மருதையன் ஏற்புரைக்கு எழுந்தார். மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்தார். தன் நாற்காலியில் அல்ல.

"எனக்கு டிரைவர் கெடையாது," என்றார். இரண்டொருவர் சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டார்கள். "எல்லாருக்கும் தெரியும், என்கிட்ட இருக்கறது டிவிஎஸ்ஸு. அவன் பேரு செம்பியன். அன்னைக்கு ராத்திரி நாந்தான் போன் பண்ணேன். ஷட்டரைத் தூக்குன்னு நாந்தான் சொன்னேன். ஒத்தையாப் போக முடியாது சார்னான். போடான்னேன்." மைக்கை வாய்க்குக் கிட்டே கொண்டுபோனார். "அவன் மீனுக்குப் போகல. மேலத்தெரு இன்னைக்கு இருக்குன்னா அவனாலதான். நான் பயந்து பொய் சொன்னேன். நல்லவன் நல்லவன்னு நீங்க சொல்றப்பல்லாம் அவன் பின்னாடி நின்னு கேட்டுக்கிட்டிருந்தான். ஒரு வார்த்த பேசல. திட்டியிருந்தாக்கூடத் தேவலாம்."

மேடையில் இருந்த பெரிய அதிகாரி கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். வாசல் ஓரம் டீத் தட்டோடு நின்ற அஞ்சுகத்தை எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். முதல் தடவையாக அவளும் எல்லாரையும் திருப்பிப் பார்த்தாள்.

ஓய்வு பெற்றவரை ஜீப்பில் ஏற்றி வீடுவரைக்கும் கொண்டுபோய் விடுவது வழக்கம். அவருடைய வண்டியைத் தமீம் அன்சாரி பின்னால் ஓட்டி வருவார் என்று ஏற்பாடு. ஜீப் கிளம்பியதும் மருதையன், "அஞ்சுகம் வீட்டுக்கு விடுப்பா" என்றார். ஆக்சிலியாவும் அஞ்சுகமும் அதே ஜீப்பில் பின்னால் இருந்தார்கள். வாய்க்கால் கரையில் வெயில் சாய்ந்திருந்தது.

வீடு சின்னது, ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மருதையன் வாசலுக்கு வெளியே கைகட்டி நின்றார். அஞ்சுகம் உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் இரண்டு டம்ளர் டீயோடு வந்தாள். ஒன்றை வெளியே திட்டுச் சுவரில் அவருக்கு வைத்தாள். மற்றதைக் கையில் பிடித்தபடி, அவருடைய தோளைத் தாண்டிப் பார்த்தாள். ஆக்சிலியா திரும்பிப் பார்த்தாள். அங்கே சாலையும் சாயங்கால வெயிலும்தான் இருந்தன.

"என்னத்துக்கு வெளியவே நின்னுக்கிட்டு?" என்றாள் அஞ்சுகம். அத்தனை வருஷக் கோபமும் ஆசையும் அந்தக் குரலில் இருந்தன. "உள்ள வாங்க. துண்டத் தர்றேன், தலையத் துவட்டுங்க."

அவள் வாசலில் ஒதுங்கி வழிவிட்டாள். கொஞ்சம் பொறுத்து அவளும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மருதையன் டீயை நின்றபடியே குடித்தார். டம்ளரைச் சுவரில் வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டிச் சாவிக்குக் கை நீட்டினார். தமீம் அன்சாரி சாவியைக் கொடுத்துவிட்டு ஜீப் பக்கம் நடந்தார்.

"பாய், எங்க போறீங்க? ஏறுங்க, நானே கொண்டுபோய் விடுறேன். பின்சீட்டு காலிதான்."

தமீம் அன்சாரி வந்து சீட்டில் கைவைத்துப் பார்த்தார். "ஈரமா இருக்கே சார்?"

"தொடைச்சுட்டு ஏறுங்க" என்றார் மருதையன். "இனிமே நனையாது."